ஐந்து நிமிடத்தில் ஒரு விளையாட்டைக் கற்பித்தல்

சென்ற வருட இறுதித் தவணையில், மழை காரணமாக மைதானத்துக்குப் போக முடியாத ஒரு பின்னேரம், ‘பென்டமிக்’ என்ற பலகை விளையாட்டை மூன்று தங்கைமாருக்குக் கற்பிக்க முயன்றேன். விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்து முதற் பக்கத்திலிருந்து வாசித்து விளக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு விதியையும் உதாரணத்தோடு சொன்னேன். இருபத்தைந்து நிமிடம் கழிந்தபோது ஒருத்தி கேட்டாள்: “ராத்தா, எப்ப விளையாடத் தொடங்குற?” இன்னொருத்தி ஒன்றும் கேட்கவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் தலையாட்டினாள். கடைசியில், “எனக்கு இது சரிவராது ராத்தா” என்று கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் அந்தத் தவணைதான் எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்தவள். கூடி இருக்க ஒரு வழியாக இருக்கட்டும் என்றுதான் அவளை அழைத்திருந்தேன்.

நான் சொன்ன விதிகளில் ஒன்றும் பிழையில்லை. சொன்ன ஒழுங்குதான் பிழை. அந்த ஒழுங்கை எப்படி மாற்றினேன் என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது. ‘பென்டமிக்’ விளையாட்டை மட் லீகொக் என்ற அமெரிக்கர் வடிவமைத்தார். அது 2008ஆம் ஆண்டு வெளியானது. இரண்டு முதல் நான்கு பேர் வரை விளையாடலாம். பலகையில் உலகப் படம் இருக்கும். அதில் 48 நகரங்கள் கோடுகளால் இணைக்கப்பட்டிருக்கும். நீலம், மஞ்சள், கறுப்பு, சிவப்பு என நான்கு நிறங்களில் நான்கு நோய்கள் பரவும். ஒவ்வொரு நிறத்துக்கும் 24 சிறு கட்டைகள் உண்டு. ஒரு நகரத்தில் கட்டை இருந்தால் அங்கு அந்த நோய் இருக்கிறது என்று பொருள். விளையாடுவோர் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை. எல்லோரும் ஒரே அணியாக நின்று நான்கு நோய்களுக்கும் மருந்து கண்டுபிடிக்க வேண்டும். வென்றால் எல்லோரும் வெல்வோம், தோற்றால் எல்லோரும் தோற்போம். தாயக்கட்டை உருட்டுவதும் இதில் இல்லை. ஆதலால் அத்தகைய விளையாட்டை விரும்பாத எங்கள் வீடுகளிலும் தயக்கமின்றி விளையாடலாம்.

ஆனால் விதிகள் அதிகம். ஒருவர் செய்யக்கூடிய செயல்கள் எட்டு வகை. அவற்றுள் நான்கு, ஒரு நகரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் உண்டு. அப்பாத்திரங்கள் ஏழு வகை. விசேட அட்டைகள் ஐந்து. தோற்பதற்கு மூன்று வழிகள். இவற்றோடு கொள்ளைநோய் அட்டை, வெடிப்பு, கையில் வைத்திருக்கக்கூடிய அட்டைகளின் எல்லை என்பனவும் உள்ளன. விதிப் புத்தகம் இவற்றையெல்லாம் வகைப்படுத்தி எழுதியிருக்கிறது. சந்தேகம் வந்தால் தேடிப் பார்ப்பதற்கு அந்த ஒழுங்கு உகந்தது. கேட்டுக்கொண்டிருப்பவளுக்கோ அது பொருந்தாது. “தனி விமானம்” என்று நான் சொல்லும்போது, எதற்காகப் பறக்க வேண்டும் என்பதே அவளுக்கு இன்னும் தெரியாது. எதற்கு என்று தெரியாத விதி மனதில் தங்குவதில்லை.

இரண்டாவது முறை அழைத்தபோது எழுந்துபோன தங்கை வரத் தயங்கினாள். “அஞ்சு நிமிஷம்தான். மணிக்கூட்டைப் பார்த்துக்கோ. அஞ்சு நிமிஷத்துக்கு மேல நான் கதைச்சா நீ எழும்பிப் போகலாம்” என்றேன். அந்த நிபந்தனையின் பேரில் வந்தாள்.

ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டுமானால், அவர்கள் வருவதற்கு முன்பே சில வேலைகள் முடிந்திருக்க வேண்டும். பலகையை விரித்து எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டேன். தொடக்கத்தில் ஒன்பது நகரங்களில் நோய் வைக்க வேண்டும். மூன்று நகரங்களில் மும்மூன்று கட்டைகள், மூன்றில் இவ்விரண்டு, மூன்றில் ஒவ்வொன்று. அந்த 18 கட்டைகளையும் முன்பே வைத்தேன். அட்டைகளைக் கலைத்து, நான்கு பேருக்குரியபடி ஆளுக்கு இரண்டு அட்டைகளை முகம் தெரியும்படி ஒவ்வொருவர் இடத்திலும் விரித்து வைத்தேன். கொள்ளைநோய் அட்டைகளில் நான்கை மாத்திரமே சேர்த்தேன். ஐந்தும் ஆறும் பழகியவர்களுக்கு உரியவை. பாத்திரங்களையும் நானே தெரிந்தெடுத்தேன். மருத்துவர், விஞ்ஞானி, ஆய்வாளர் ஆகிய எளிய மூன்றையும் அவர்களுக்குக் கொடுத்து, மற்றவர்களின் காய்களையும் நகர்த்தக்கூடிய சிக்கலான பாத்திரத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு, நான் பேசிய ஐந்து நிமிடம் இப்படி அமைந்தது.

முதல் நிமிடம்: எதற்காக விளையாடுகிறோம்.

“நாங்க நாலு பேரும் ஒரே கட்சி. உலகத்துல நாலு நோய் பரவுது. நாலுக்கும் மருந்து கண்டுபிடிச்சா வெற்றி. ஒரு நிறத்துல அஞ்சு அட்டை ஒருத்தர்ட கையில சேரணும். அதோட அவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகணும். அங்க அந்த அஞ்சையும் போட்டா மருந்து கிடைக்கும். இப்ப ஒரே ஒரு நிலையம்தான், இந்தா அட்லாண்டாவுல. நாங்க நாலு பேரும் அங்கதான் நிக்கிறோம்.”

இதைச் சொல்லும்போது ஒரே நிறத்தில் ஐந்து அட்டைகளைக் கையில் எடுத்து விரித்துக் காட்டினேன். இனிச் சொல்லும் எல்லா விதிகளும் இந்த ஐந்து அட்டைகளைச் சேர்ப்பதற்கோ, சேர்க்கும்வரை உலகத்தைக் காப்பதற்கோ உரியவை. விதிகளைத் தொங்கவிட ஓர் ஆணியை முதலில் அடித்துக்கொண்டேன் என்று சொல்லலாம்.

இரண்டாவது நிமிடம்: எதற்குப் பயப்பட வேண்டும்.

அன்று சென்னையில் மூன்று கறுப்புக் கட்டைகள் இருந்தன. நான்காவது கட்டையை அதன்மேல் பிடித்துக் காட்டினேன். “ஒரு நகரத்துல மூணு வரைக்கும்தான் இருக்கலாம். நாலாவது வந்தா வைக்க ஏலாது, வெடிக்கும். கோட்டால சேர்ந்திருக்கிற எல்லா நகரத்துக்கும் ஒவ்வொரு கட்டை போகும்.” சென்னையிலிருந்து மும்பாய், டெல்லி, கல்கத்தா, பாங்கொக், ஜகார்த்தா என்று ஐந்து கோடுகளின் வழியே விரலை ஓட்டினேன். “அந்த நகரத்துலயும் ஏற்கனவே மூணு இருந்தா அதுவும் வெடிக்கும். எட்டாவது வெடிப்போட நாங்க தோத்துடுவோம்.”

வெடிப்பு என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் கூறவில்லை. ஒரு நகரத்தைத் தொட்டுக் காட்டியதே போதுமாக இருந்தது.

மூன்றாவது நிமிடம்: ஒரு முறை வந்தால் என்ன செய்வது.

“நாலு, ரெண்டு, ரெண்டு. நாலு வேலை செய்யலாம். பிறகு ரெண்டு அட்டை எடுக்கணும். பிறகு நோய் அட்டை ரெண்டைத் திருப்பி, அந்த ரெண்டு நகரத்துலயும் ஒவ்வொரு கட்டை வைக்கணும். அடுத்தவட முறை.” இதை அவர்களையே ஒரு தடவை சொல்லச் சொன்னேன்: நாலு, ரெண்டு, ரெண்டு.

நான்காவது நிமிடம்: அந்த நான்கு வேலைகள் எவை.

எட்டு வகைச் செயல்களில் நான்கை மாத்திரம் சொன்னேன். கோட்டின் வழியே பக்கத்து நகரத்துக்குப் போதல் ஒன்று. நிற்கும் நகரத்தில் ஒரு கட்டையை எடுத்தல் இரண்டு. இன்னொருத்திக்கு அட்டை கொடுத்தல் மூன்று. மருந்து கண்டுபிடித்தல் நான்கு. மருத்துவராக இருப்பவள் ஒரே வேலையில் ஒரு நிறத்தின் எல்லாக் கட்டைகளையும் எடுக்கலாம், விஞ்ஞானிக்கு ஐந்துக்குப் பதிலாக நான்கு அட்டைகள் போதும் என்று அவரவருக்கு ஒரு வசனம் மட்டும்.

அட்டை கொடுப்பதில் உள்ள நிபந்தனையை இங்கேயே சொல்லிவிட்டேன். இருவரும் ஒரே நகரத்தில் நிற்க வேண்டும், கொடுக்கும் அட்டையும் அதே நகரத்தினுடையதாக இருக்க வேண்டும். ஆய்வாளருக்கு மாத்திரம் விலக்கு உண்டு. அவள் தன் கையிலுள்ள எந்த நகர அட்டையையும், ஒரே நகரத்தில் நிற்கும் எவருக்கும் கொடுக்கலாம்.

ஐந்தாவது நிமிடம்: தோல்வியின் மற்ற இரண்டு வழிகளும், ஓர் எச்சரிக்கையும்.

“ஒரு நிறத்துக் கட்டை முடிஞ்சு, வைக்க ஒண்ணும் இல்லாமப் போனா தோல்வி. எடுக்க அட்டை இல்லாமப் போனாலும் தோல்வி. அட்டைக் கட்டுக்குள்ள நாலு கெட்ட அட்டை ஒளிஞ்சிருக்கு. வரும்போது சொல்றேன். இது பழகுற ஆட்டம், தோத்தாலும் பரவாயில்ல. யார் தொடங்குற?”

மணிக்கூடு ஐந்தைத் தாண்டவில்லை.

சொல்லாமல் விட்டவை ஏராளம். விமானத்தில் பறக்கும் மூன்று வழிகள், புதிய ஆராய்ச்சி நிலையம் கட்டுதல், விசேட அட்டைகள், கையில் ஏழு அட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதி, மருந்து கிடைத்தபின் ஒரே வேலையில் அந்நிறக் கட்டைகள் எல்லாவற்றையும் எடுக்கலாம் என்பது, கொள்ளைநோய் அட்டையின் முழு விபரம். எதை முன்பே சொல்வது, எதைப் பிற்போடுவது என்று தீர்மானிக்க என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. இந்த விதி தெரியாததால் அவள் இதுவரை செய்த வேலை வீணாகிப் போகுமா? ஆம் என்றால் முன்பே சொல்ல வேண்டும். அட்டை கொடுப்பதன் நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். அது தெரியாவிட்டால் ஒருத்தி மூன்று முறைகளாகக் கறுப்பு அட்டைகளைச் சேர்த்து, தோழியிடம் ஓடி வந்து, “இந்த நகரத்தில் கொடுக்க முடியாது” என்று கேட்டு மனம் நொந்து போவாள். ஏழு அட்டை எல்லை அப்படியல்ல. ஆளுக்கு இரண்டு அட்டைகளோடு தொடங்குகிறோம். ஐந்தோ ஆறோ சேரும்போது நினைவூட்டினால் போதும்.

பிற்போட்ட விதிகள் எப்படித் தம் இடத்துக்குத் தாமே வந்து சேர்ந்தன என்பதை அன்றைய ஆட்டத்திலிருந்தே காட்டலாம்.

முதலாவதாக விளையாடியவள் சென்னைக்குப் போக விரும்பினாள். அட்லாண்டாவிலிருந்து கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “நாலு வேலையும் போறதுக்கே காணாதே. வேற வழி இல்லையா ராத்தா?” என்று கேட்டாள். அப்போதுதான் விமானத்தைச் சொன்னேன். “உன்ட கையில மும்பாய் அட்டை இருக்கு. அதைப் போட்டா நேரே மும்பாய்க்குப் பறக்கலாம். ஆனா அது கறுப்பு அட்டை. மருந்துக்குத் தேவைப்படும்.” அவள் யோசித்தாள். அட்டையைப் போட்டு மும்பாய்க்குப் பறந்தாள், அங்கிருந்து பக்கத்திலுள்ள சென்னைக்குப் போனாள், இரண்டு கட்டைகளை எடுத்தாள். நான்கு வேலை முடிந்தது. சென்னையில் ஒரு கட்டை மிஞ்சியது. தேவை எழுந்த வேளையில் சொன்னதால் அந்த விதியை மறுபடி யாரும் கேட்கவில்லை. அதன் விலையையும் அவள் அறிந்தே கொடுத்தாள்.

அடுத்த முறை, முன்பு எழுந்துபோன தங்கையினுடையது. அவள் தன் காயைத் தொடவில்லை. திருப்பிப் போட்டிருந்த நோய் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “சென்னை அட்டை ஏற்கனவே வந்துட்டுதானே? அது இந்தக் கழிச்ச கட்டுல கிடக்கு. அப்ப இனி சென்னையில கட்டை விழாதே. அவ ஏன் மும்பாய் அட்டையை வீணாக்கினா?”

மிகச் சரியான கேள்வி. நான்கு தடவை விளையாடியவர்களே இதைக் கவனிப்பதில்லை. கொள்ளைநோய் அட்டையை விளக்க இதைவிட நல்ல வேளை கிடைக்காது. “கெட்ட அட்டை ஒண்ணு வரும்வரைக்கும் நீ சொல்றது சரி. அது வந்தா மூணு விஷயம் நடக்கும். பரவுற வேகம் ஒரு படி நகரும். நோய்க் கட்டுட அடியில உள்ள நகரத்துல மூணு கட்டை விழும். பிறகு இந்தக் கழிச்ச அட்டைகளையெல்லாம் கலைச்சு திரும்ப மேல வைப்போம்.” அவள் உடனே சொன்னாள்: “அப்ப நோய் இருக்கிற நகரங்களே திரும்பத் திரும்ப வரும்.” முழு விளையாட்டின் உயிரும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை, அவளாகக் கண்டுபிடித்தாள்.

ஐந்தாவது முறையில் முதற் கொள்ளைநோய் அட்டை வந்தது. அடியிலிருந்த அட்டை லாகோஸ், அங்கு மூன்று கட்டைகள் விழுந்தன. அதுவரை கழிந்த 17 அட்டைகளோடு லாகோஸையும் சேர்த்து 18 அட்டைகளைக் கலைத்து மேலே வைத்தோம். முதலாவதாகத் திருப்பிய அட்டை சென்னை. ஒன்று இரண்டானது, அவ்வளவுதான். முதல்முறை அந்த இரண்டு கட்டைகளையும் எடுத்திராவிட்டால் ஐந்து நகரங்களில் கறுப்புக் கட்டை விழுந்திருக்கும். எல்லோரும் முதலாவதாக விளையாடியவளைப் பார்த்தார்கள். மும்பாய் அட்டை வீணாகவில்லை.

இனி, இம்முறையில் பிழைக்கக்கூடிய இடங்கள். பெரிய ஆபத்து விளக்கத்தில் இல்லை, அதற்குப் பின்னரே இருக்கிறது. எல்லோரும் ஒரே அணி, அட்டைகளும் விரித்தே கிடக்கின்றன. ஆகவே விளையாட்டை அறிந்தவள் மற்றவர்களின் முறையையும் தானே விளையாடத் தொடங்கிவிடுவாள். “நீ கெய்ரோவுக்குப் போ, அங்க ஒண்ணை எடு” என்று சொல்லச் சொல்ல அவர்கள் காயை நகர்த்துவார்கள். விதி ஒன்றும் மீறப்படாது, ஆனால் ஒருத்திதான் விளையாடுகிறாள், மூவர் கைகளை மாத்திரம் கொடுத்திருக்கிறார்கள். இதை அறிய ஓர் அடையாளம் உண்டு. தன் முறை வந்ததும் அவள் பலகையைப் பார்க்கிறாளா, என் முகத்தைப் பார்க்கிறாளா? முகத்தைப் பார்த்தால் நான் அதிகம் பேசிவிட்டேன் என்பது பொருள். எனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். விதி கேட்டால் உடனே பதில் சொல்வேன். “என்ன செய்ய?” என்று கேட்டால், “எந்த நகரத்துக்குப் பயப்படுற?” என்று திருப்பிக் கேட்பேன்.

இரண்டாவது, “விளங்கிச்சா?” என்று கேட்பது பயனற்றது. விளங்காதவளும் வெட்கத்தில் ஆம் என்றே தலையாட்டுவாள். அந்த முதல் நாளில் நான் கண்டதும் அதுதான். அதற்குப் பதிலாக, “இப்ப எந்த நகரம் வெடிக்கக் கூடும்?” என்று கேட்டேன். பலகையில் விரல் வைத்துக் காட்டினால் விளங்கியிருக்கிறது. விரல் தயங்கினால் அந்த ஒரு விடயத்தை மட்டும் மறுபடி காட்டலாம்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. ஒரே அணியாக ஆடும் விளையாட்டில் விதிகளைப் பிற்போட்டால் யாருக்கும் அநீதி நேராது. போட்டி விளையாட்டில் அப்படியல்ல. ‘டிக்கட் டு ரைட்’ என்ற ரயில் பாதை விளையாட்டில் ஆட்டக்காரர் தாம் இணைக்க வேண்டிய இரு நகரங்களைக் குறிக்கும் சீட்டுக்களை எடுப்பர். இணைத்தால் புள்ளி கூடும், இணைக்காவிட்டால் ஆட்ட முடிவில் அதே புள்ளி கழிக்கப்படும். கழிக்கப்படும் என்பதைக் கடைசியில் சொன்னால், தெரிந்தே மறைத்ததாக ஆகிவிடும். ஆகவே புள்ளி எப்படிக் கூடும், எப்படிக் குறையும், ஆட்டம் எப்போது முடியும் ஆகிய மூன்றையும் போட்டி விளையாட்டில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதாவிட்டால் ஏழு நிமிடம் எடுக்கலாம், மறைக்கக் கூடாது.

அன்றைய ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். மூன்று மருந்துகளைக் கண்டுபிடித்துவிட்டோம், நான்காவதற்கு ஓர் அட்டை குறைவாக இருந்தபோது அட்டைக் கட்டு முடிந்துவிட்டது. பிறகு கணக்குப் பார்த்தோம். நான்கு பேர் விளையாடினால் தொடக்கத்தில் கட்டில் 49 அட்டைகள் இருக்கும். முறைக்கு இரண்டாக எடுத்தால் மொத்தம் 24 முறைகள், ஆளுக்கு ஆறு. “ஆறு முறைதானா? அப்ப கட்டை எடுக்கிறதுலயே காலத்தை வீணாக்கிட்டோம், அட்டை சேர்த்திருக்கணும்” என்றாள் எழுந்துபோன அதே தங்கை. கட்டைகளைப் பெட்டியில் போட விடாமல், “இன்னொருக்கா” என்றாள்.

இந்தத் தவணையில் அவள் தன் வகுப்பில் மூன்று பேருக்கு அதைக் கற்பித்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். நான் தொடங்கியதைப் போல மருந்திலிருந்து அவள் தொடங்கவில்லை. பலகையின் முன் அமர்ந்ததும், “எங்களுக்கு ஆளுக்கு ஆறு முறைதான் இருக்கு” என்றாள். மூவரும் முன்னே குனிந்தார்கள். மணிக்கூட்டைப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் முதற் காய் அட்லாண்டாவை விட்டுப் புறப்பட்டிருந்தது.